இருவர் சமமாக நின்றால் யாருக்குப் பரிசு?

ஏலத் தோட்டத்து வேலை முடிந்து வீடு திரும்பியதும் தொலைக்காட்சியில் நடனப் போட்டி காண்பது இன்று சாந்தன்பாறை வட்டாரத்து இல்லங்களில் அன்றாட வழக்கமாகிவிட்டது. ஆடுகிறவர் ஆடி முடித்ததும் நடுவர்கள் எண்களைத் தூக்கிக் காட்டுகிறார்கள். ஒருவருக்கு எட்டு, மற்றொருவருக்கு ஒன்பது. அந்த ஒன்று எங்கிருந்து கூடிற்று, எதனால் குறைந்தது என்பதைப் பற்றி நம் இல்லங்களில் நடக்கும் வாக்குவாதம் ஆட்டத்தைவிடச் சுவையானது. இருவர் ஒரே எண்ணைப் பெற்றுவிட்டாலோ வாக்குவாதம் சண்டையாகவே முற்றிவிடுகிறது. சங்கத்தின் ஆண்டு விழாக்களிலும் குழந்தைகளுக்கு நடனப் போட்டி வைப்பது வழக்கமாதலால், இத்திங்கள் இப்பகுதியில் அந்த எண்களின் உட்பொருளைச் சற்று ஆராய முற்படுகிறோம்.

நடனத்திற்கு மதிப்பெண் இடுவோர் பெரும்பாலும் மூன்று தலைப்புகளில் இடுகின்றனர்: ஆட்ட நுட்பம், நடன அமைப்பு, அரங்கில் நிகழ்த்தும் திறன். அமெரிக்காவில் என்.பி.சி. தொலைக்காட்சி 2017ஆம் ஆண்டு தொடங்கிய ‘வேர்ல்டு ஆஃப் டான்ஸ்’ போட்டியில் இம்மூன்றோடு புதுமை, தோற்றப் பொலிவு என்னும் இரண்டையும் சேர்த்து, தலைப்புக்கு இருபதாக நூறு மதிப்பெண் வைத்தனர். நடுவர் மூவரும் நூறுக்கு இட்டதன் சராசரியே ஆடியவரின் எண். 2019ஆம் ஆண்டு மும்பையைச் சேர்ந்த ‘தி கிங்ஸ்’ குழுவினர் இறுதிச் சுற்றில் நூற்றுக்கு நூறு பெற்று வெற்றி கொண்டதை நம் வாசகர்களுள் பலர் அறிந்திருப்பர்.

பெயரளவில் இத்தலைப்புகள் தெளிவாகத் தோன்றினாலும் மேடையில் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. பரதநாட்டியம் ஆடும் ஒரு சிறுமியை எடுத்துக்கொள்வோம். அரைமண்டி இறுதிவரை தளராமல் நிற்கிறதா, அடவின் ஒவ்வொரு தட்டும் தாளத்தில் விழுகிறதா, முத்திரையில் விரல்கள் முழுமையாக நீண்டனவா என்பன ஆட்ட நுட்பத்தைச் சேர்ந்தவை. இவற்றைக் கண்ணாலும் காதாலும் பார்த்தே சொல்லிவிடலாம். இரண்டு நல்ல நடுவர்கள் இதில் பெரிதும் வேறுபடமாட்டார்கள். அவள் முகத்தில் பாட்டின் பொருள் தோன்றிற்றா, சபையோரைத் தன்பால் ஈர்த்தாளா, சலங்கை அவிழ்ந்தபோதும் கலங்காது ஆடினாளா என்பன நிகழ்த்தும் திறனைச் சேர்ந்தவை. இவற்றில் நடுவர்களின் சுவை புகுந்துவிடுகிறது. எந்த ஜதிக்குப் பின் எந்த அடவு வந்தது, மேடையின் நான்கு மூலையும் பயன்பட்டனவா, பாட்டின் எந்த இடத்தில் ஆட்டம் ஓங்கிற்று என்பன நடன அமைப்பு.

இம்மூன்றாவதில்தான் ஒரு சங்கடம் உண்டு. பன்னிரண்டு வயதுக் குழந்தையின் நடனத்தை அமைத்தவர் அக்குழந்தை அன்று, அதன் ஆசிரியர். நடன அமைப்புக்கு இடும் மதிப்பெண் உண்மையில் ஆசிரியருக்கு இட்டதாகும். நகரத்திலிருந்து ஆசிரியரை வரவழைத்துக் கட்டணம் செலுத்தக்கூடிய வீட்டுக் குழந்தைக்கு அது வாய்ப்பு. அண்டை வீட்டு அக்காளிடம் கற்றுக்கொண்டு வந்த குழந்தைக்கு அது இழப்பு. ஆகவே சிறுவர் தனிநடனத்தில் அமைப்புக்கு மற்ற இரண்டைவிடக் குறைந்த பங்கு கொடுப்பதே நியாயம் என்பது நமது கருத்து. குழுநடனத்திற்கு இது பொருந்தாது. எட்டுப் பேர் ஒருவர்மேல் ஒருவர் மோதாமல் வரிசை மாறி நிற்பது அமைப்பின் சிறப்பு. அதைக் குறைத்து மதிப்பிட்டால் குழுநடனத்தில் பார்ப்பதற்கே ஒன்றும் இராது.

இனி, சமநிலை ஏன் இத்தனை அடிக்கடி நேர்கிறது? அது தற்செயல் என்று நினைப்பது தவறு. தலைப்புக்குப் பத்து மதிப்பெண் என்று வைத்தாலும் நடுவர்கள் ஒன்று முதல் பத்துவரை இடுவதில்லை. குழந்தைகளின் போட்டியில் ஆறு இட மனம் வராது. பத்து இடக் கை கூசும். ஏழு, எட்டு, ஒன்பது என்னும் மூன்றே எண்கள் புழங்குகின்றன. அவ்வாறாயின், மூன்று தலைப்புகளைக் கூட்டி ஒரு நடுவர் இடக்கூடிய தொகை இருபத்தொன்றுக்கும் இருபத்தேழுக்கும் இடைப்பட்டது. மூன்று நடுவர்களையும் கூட்டினால் அறுபத்துமூன்று முதல் எண்பத்தொன்றுவரை, பத்தொன்பது எண்களே உள்ளன. போட்டியில் இருபது குழந்தைகள் ஆடினால், அவர்களில் இருவரேனும் ஒரே எண்ணைப் பெற்றே தீரவேண்டும்! இதில் நடுவரின் கவனக்குறைவு ஏதுமில்லை. கணக்கின் கட்டாயம் அது.

அரை மதிப்பெண்ணை அனுமதித்தால் சமநிலை குறையும் என்பர். குறையும்தான். ஆனால் எட்டுக்கும் எட்டரைக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால் எந்த நடுவரும் விளக்கிச் சொல்ல இயலாது. விளக்க இயலாத அரையைக் கொண்டு ஒரு குழந்தைக்குப் பரிசும் மற்றொன்றுக்கு ஏமாற்றமும் அளிப்பதைவிட, சமநிலையை ஒப்புக்கொண்டு அதற்கென ஒரு விதியை வைத்துக்கொள்வதே மேல்.

அந்த விதி எத்தகையதாக இருக்கவேண்டும்? ஒரு கற்பனைப் போட்டியை வைத்துப் பார்ப்போம். வள்ளி, செல்வி என்னும் இரு சிறுமிகள், நடுவர் மூவர், தலைப்புக்குப் பத்து. முதல் நடுவர் வள்ளிக்கு 25, செல்விக்கு 24 இடுகிறார். இரண்டாமவர் வள்ளிக்கு 26, செல்விக்கு 25. மூன்றாமவர் சற்றே கண்டிப்பானவர்; வள்ளிக்கு 21, செல்விக்கு 23. கூட்டினால் இருவருக்கும் 72. தலைப்பு வாரியாகப் பார்த்தால் ஆட்ட நுட்பத்தில் வள்ளிக்கு 23, செல்விக்கு 25. நிகழ்த்தும் திறனில் வள்ளிக்கு 27, செல்விக்கு 24. அமைப்பில் வள்ளிக்கு 22, செல்விக்கு 23.

‘சமநிலை ஏற்படின் நுட்பத்தில் மிகுந்தவர் வெல்வார்’ என்பது விதியானால் பரிசு செல்விக்கு. ‘நிகழ்த்தும் திறனில் மிகுந்தவர் வெல்வார்’ என்றால் வள்ளிக்கு. ‘எத்தனை நடுவர்கள் யாரை மேலாக வைத்தார்கள்’ என்று எண்ணினால் மூவரில் இருவர் வள்ளியின் பக்கம், ஆகவே வள்ளிக்கு. மூன்று விதிகளும் நேர்மையானவையே. ஆயினும் விடை ஒன்றாயில்லை. மதிப்பெண் தாள் கையில் வந்தபின் விதியைத் தேர்ந்தெடுப்பவர், தாம் அறிந்தோ அறியாமலோ, வெற்றி பெறுபவரையே தேர்ந்தெடுக்கிறார். போட்டி தொடங்குமுன் விதியை எழுதி ஒட்டிவிடவேண்டும் என்று நாம் வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

நடுவர்களின் எண்ணிக்கையைக் கொண்டு முடிவு செய்வதில் ஒரு தனி நன்மை உண்டு. எல்லோருக்கும் 24, 25 என்றே இடும் நடுவர் ஒருவரும், 18 முதல் 29 வரை விரித்து இடும் நடுவர் ஒருவரும் அமர்ந்தால், கூட்டுத்தொகையில் விரித்து இடுபவரின் கருத்தே ஓங்கி நிற்கும். மற்றவர் இட்டது இருந்தும் இல்லாதது போலாகிவிடும். மேலை நாட்டு ஜோடி நடனப் போட்டிகளில் ‘ஸ்கேட்டிங் முறை’ என்றொரு வழக்கம் உண்டு. அதன்படி இறுதிச் சுற்றில் நடுவர்கள் மதிப்பெண்ணே இடுவதில்லை; முதலாமவர், இரண்டாமவர் என்று வரிசைப்படுத்தித் தருகின்றனர். பெரும்பான்மை நடுவர்கள் முதலிடம் தந்தவர் முதல்வர். அவ்வாறு எவருக்கும் பெரும்பான்மை இல்லையேல் ‘இரண்டாமிடம் அல்லது அதற்கு மேல்’ தந்தவர்களையும் சேர்த்து எண்ணுகின்றனர். ஒரு நடுவரின் தனிப்பட்ட வெறுப்போ விருப்போ அங்கு ஓரெல்லைக்கு மேல் வேலை செய்ய இயலாது.

சமநிலைக்கு உரிய விதியை முன்னதாக நன்கு யோசியாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு இங்கிலாந்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி தக்க சான்று. பி.பி.சி.யின் ‘ஸ்ட்ரிக்ட்லி கம் டான்சிங்’ போட்டியில் நடுவர்களின் எண்ணோடு நேயர்களின் வாக்கும் சேரும். இரண்டையும் நேராகக் கூட்டமுடியாதன்றோ? ஆதலால் நடுவர் வரிசையைப் புள்ளிகளாக மாற்றுவர், நேயர் வரிசையையும் அவ்வாறே மாற்றுவர், பிறகு கூட்டுவர். மூன்று ஜோடிகள் இருந்தால் முதலிடத்திற்கு 3, அடுத்ததற்கு 2, கடைசிக்கு 1. கூட்டுத்தொகையில் கீழே நிற்கும் இரு ஜோடிகள் மீண்டும் ஆடிக் காட்டவேண்டும். அவர்களில் ஒருவரை நடுவர்கள் வெளியேற்றுவர்.

2008ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாள் அரையிறுதி. களத்தில் ரேச்சல் ஸ்டீவன்ஸ், லிசா ஸ்னோடன், டாம் சேம்பர்ஸ் என்னும் மூவரும் அவரவர் ஜோடிகளும். நடுவர்களின் எண்ணில் ரேச்சலும் லிசாவும் முதலிடத்தில் சமமாக நின்றனர், டாம் கடைசி. சமமாக நின்ற இருவருக்கும் 3 புள்ளி கொடுத்தார்கள். இரண்டாமிடம் ஒருவருக்கும் இல்லை என்று விட்டுவிட்டு டாமுக்கு 1 கொடுத்தார்கள். பார்ப்பதற்கு இது இயல்பான செயலே. பள்ளியில் இருவர் முதலிடம் பெற்றால் அடுத்தவரை மூன்றாமவர் என்று சொல்லும் வழக்கம் உண்டல்லவா?

இப்பொழுது நேயர் வாக்கைச் சேர்த்துப் பாருங்கள். நாட்டு மக்கள் அனைவரும் டாமுக்கே வாக்களித்ததாக வைத்துக்கொள்வோம். அவருக்கு மேலும் 3, ஆக 4. மற்ற இருவரில் ஒருவருக்கு 2 சேர்ந்து 5. இன்னொருவருக்கு 1 சேர்ந்து 4. ஐந்து பெற்றவர் தப்பிவிடுகிறார். நான்கு பெற்ற இருவரும் மீண்டும் ஆடவேண்டும். அவர்களில் ஒருவர் டாம்! அதாவது, எத்தனை இலட்சம் பேர் வாக்களித்தாலும் டாமை அந்தக் கட்டத்திலிருந்து காப்பாற்ற இயலாது. அவரைக் காக்கக் காசு செலவழித்துத் தொலைபேசியில் அழைத்தவர்களின் வாக்குக்கு அக்கணமே பொருளற்றுப் போயிற்று.

நிகழ்ச்சி ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தபோதே இது வெளிப்பட்டது. வேறு வழியின்றி அன்று ஒருவரையும் வெளியேற்றாமல் மூன்று ஜோடிகளையும் இறுதிப் போட்டிக்கு அனுப்பினர். பதிவான வாக்குகளும் அடுத்த வாரத்திற்குக் கொண்டு செல்லப்பட்டன. டிசம்பர் 20ஆம் நாள் நடந்த இறுதிப் போட்டியில் வென்றவர் யார் தெரியுமா? அந்த டாம் சேம்பர்ஸ்தான்.

பின்னர் அந்நிகழ்ச்சியில் விதி மாறிற்று. இருவர் சமமாக நின்றால் அடுத்தவருக்கு ஒரு புள்ளி மட்டுமே குறையும், இடம் தாண்டப்படுவதில்லை. அவ்விதி 2008லேயே இருந்திருந்தால் டாமுக்கு நடுவர் புள்ளி 2 கிடைத்திருக்கும். நேயர் வாக்கில் முதலிடம் பெற்றால் 5; மற்ற இருவருக்கும் 5, 4; அவர் தப்பியிருப்பார். ‘இருவர் முதலிடம் என்றால் அடுத்தவர் இரண்டாமவரா, மூன்றாமவரா?’ என்னும் சின்னஞ்சிறு கேள்விக்குள் இத்தனை விபரீதம் பதுங்கியிருந்தது. கூட்டுத்தொகை சமமானால் நேயர் வாக்கில் மிகுந்தவரே மேல் என்பதும், மீண்டும் ஆடும் கட்டத்தில் நடுவர்கள் இரு பிரிவாகச் சமமாகப் பிரிந்தால் தலைமை நடுவரின் சொல்லே முடிவு என்பதும் அங்குள்ள மற்ற விதிகள்.

கடல் கடந்த செய்தி போதும். நம் குழந்தைகள் பயிலும் கேரளப் பள்ளிகளுக்கு வருவோம். மாநிலப் பள்ளிக் கலோத்சவம் 1957ஆம் ஆண்டு எர்ணாகுளத்தில் தொடங்கிற்று. 1986 முதல் சில காலம் தனியொருவருக்குக் ‘கலாதிலகம்’, ‘கலாபிரதிபா’ பட்டங்கள் வழங்கினர். பிற்பாடு அவற்றைக் கைவிட்டனர். பட்டத்திற்காகப் பெற்றோர்களுக்குள் எழுந்த போட்டி குழந்தைகளின் போட்டியையே விழுங்கிவிட்டது என்பதை அக்காலத்துப் பத்திரிகைகளைப் படித்தோர் அறிவர். இப்பொழுது தரமே அளவுகோல். நூற்றுக்கு எண்பதும் அதற்கு மேலும் பெற்றால் ‘ஏ’; எழுபது முதல் ‘பி’; அறுபது முதல் ‘சி’. இத்தரங்களுக்கு மாவட்டக் கணக்கில் முறையே 5, 3, 1 புள்ளி. மேடையில் இருவர் 84 பெற்றாலும், ஒருவர் 81, ஒருவர் 93 பெற்றாலும் எல்லோரும் ‘ஏ’ தரமே. சமநிலை என்னும் தொல்லை ஒழிந்தது என்று தோன்றும்.

உண்மையில் அது ஒழியவில்லை, இடம் மாறிற்று. 84க்கும் 85க்கும் இடையே இருந்த கோடு அழிந்து, 79க்கும் 80க்கும் இடையே ஆழமான கோடு விழுந்தது. 2025ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் நடந்த கலோத்சவத்தில் திருச்சூர் 1008 புள்ளிகள் பெற்றுத் தங்கக் கோப்பையை வென்றது. பாலக்காடு 1007 பெற்று இரண்டாவதாக நின்றது. ஒரே ஒரு புள்ளி! ‘பி’யிலிருந்து ‘ஏ’க்கு ஏறினால் கிடைப்பது இரண்டு புள்ளி. பாலக்காட்டுக் குழந்தைகளுள் ‘பி’ தரம் பெற்ற எவரேனும் ஒருவர் ‘ஏ’ பெற்றிருந்தால் கோப்பை இடம் மாறியிருக்கும். பத்து ஆண்டுகளுக்கு முன்பு, 2015இல் கோழிக்கோட்டில், இதே பாலக்காடும் கோழிக்கோடும் சமமாக நின்று கோப்பையைப் பகிர்ந்துகொண்டன. மாவட்டங்கள் பகிர்ந்துகொள்வதில் அழகு உண்டு. எவருடைய கண்ணிலும் நீர் வரவில்லை. ஆயின் மாவட்டப் போட்டியிலிருந்து மாநிலத்துக்குச் செல்ல ஒருவருக்கே இடம் உண்டு என்னும்போது பகிர்தல் செல்லாது. அங்கு அப்பீல் எழுகிறது.

அதே 2025 கலோத்சவத்தில் மலைவாழ் மக்களின் ஐந்து கலைகள் முதன்முறையாகப் போட்டியில் சேர்க்கப்பட்டன. நம் இடுக்கி மாவட்டத்து மலைப்புலயர் ஆட்டமும் பளியர் நடனமும், பாலக்காட்டு அட்டப்பாடியின் இருளர் நடனமும் அவற்றுள் அடங்கும். மகிழத்தக்க செய்தி. ஆனால் மதிப்பெண் தாளை எண்ணிப் பார்த்தால் தயக்கம் பிறக்கிறது. ஊரார் அனைவரும் கூடித் தலைமுறை தலைமுறையாக ஆடிவரும் ஆட்டத்தில் ‘நடன அமைப்பு’ யாருடையது? தாளத்தோடு தோள் சாய்வதும் காலடி மாறுவதும் அம்மக்களுக்கு இயல்பு. பரதம் பயின்ற நடுவருக்கு அது நுட்பமாகத் தோன்றுமா? இக்கலைகளுக்கு அவற்றை ஆடிவந்த மூத்தோரையே நடுவராக அமர்த்தாமல், எத்தனை தலைப்பு பிரித்தாலும் எண் சரியாக விழாது என்றே நமக்குத் தோன்றுகிறது.

நம் சங்க விழாக்களுக்கு வருவோம். சமமாக நின்ற இரு குழந்தைகளையும் மீண்டும் ஆடச் சொல்லலாமே என்று சிலர் யோசனை கூறுவதுண்டு. தொலைக்காட்சியில் அது பரபரப்பூட்டும். இங்கு அது நியாயமாகாது. இரண்டாவது பாட்டும் இரண்டாவது உடையும் தயாராக உள்ள குழந்தைக்கே அது சாதகம். அன்றியும், முதலில் ஆடியவள் இரண்டு மணி நேரம் ஓய்ந்திருப்பாள். கடைசியாக ஆடியவளுக்கு இன்னும் மூச்சு வாங்கும். சீட்டுக் குலுக்கலோ, ஆடிய குழந்தைக்குப் பெருமை தராது.

ஆகவே நாம் பரிந்துரைக்கும் வரிசை இது. முதலில் நடுவர்களில் எத்தனை பேர் யாரை மேலாக இட்டனர் என்று எண்ணுக. அதிலும் சமமானால் ஆட்ட நுட்பத்தின் கூட்டுத்தொகை. அது குழந்தையின் சொந்த உழைப்பு, நடுவரின் சுவை மிகக் குறைவாகக் கலப்பது. அதற்கும் பின் நிகழ்த்தும் திறன். நடன அமைப்பைச் சமநிலை தீர்க்கப் பயன்படுத்தவே வேண்டாம். இவை மூன்றாலும் தீராவிடில் இருவருக்கும் பரிசு. நடுவர்கள் ஒருவர் தாளை ஒருவர் பார்க்குமுன் தாள்களை வாங்கிவிடவேண்டும் என்பதையும், முதல் இரண்டு குழந்தைகளுக்கு இட்ட எண்ணை மூன்றாவது குழந்தை ஆடியபின் திருத்திக்கொள்ள அனுமதிக்கலாம் என்பதையும் சேர்த்துக்கொள்க. முதலில் ஆடுகிற குழந்தைக்கு அளவுகோலே இன்னும் பிறந்திராது. நடுவர் அஞ்சி அஞ்சிக் குறைத்தே இடுவார்.

பரிசுப் பொருள்கள் வாங்குவோர் ஒன்றை முன்னதாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும்: இருவர் முதலிடம் பெற்றால் அடுத்த குழந்தைக்கு இரண்டாம் பரிசா, மூன்றாம் பரிசா? இரண்டாம் பரிசு என்றால் கிண்ணங்கள் மூன்று போதா, நான்கு வாங்கவேண்டும்.